ஓய்வுபெற்ற பிறகு விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு: நாளை எப்படி அமைத்துக்கொள்வது?

கேள்வி: வயது 61. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து போன வருடம் ஓய்வுபெற்றேன். பத்து வருடமாகச் சர்க்கரை. காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, இரவில் மெட்ஃபார்மின் மட்டும். பிரஷர் மாத்திரையும் உண்டு. இரவு 9.30க்குப் படுத்தால் 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் தூக்கமே இல்லை. 4 மணிக்கு மாத்திரை, ஒரு காபி, 4.30 முதல் 6.30 வரை நடை. 9 மணிக்கு டிபன். பிறகு பேப்பர், டிவி. இரவில் விட்டதை ஈடுகட்ட மதியம் 1.30 முதல் 4.30 வரை தூங்குகிறேன். நடந்துவிட்டு வரும்போது இரண்டு மூன்று முறை கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

மகன் அரை மணிக்கு ஒரு வேலை என்று டைம்டேபிள் போட்டுக் கொடுத்தான்: யோகா, கீபோர்டு, ஆங்கிலப் பேச்சு வகுப்பு, தியானம். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. வேலையில் இருந்தபோது ஒரு மழை பெய்தால் போன் ஓயாது. இப்போது போன் அடிப்பதே இல்லை. எதிலும் மனம் ஒட்டவில்லை. பேரன் லீவுக்கு வந்தால் மட்டும் நன்றாக இருக்கிறேன். டிவியை இவ்வளவு சத்தமாக வைக்காதீர்கள், நீங்கள் வீட்டில் இருப்பதே எனக்கு இன்னொரு வேலை என்கிறாள் மனைவி. தூக்க மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? நடையைக் கூட்டவா? நீங்களாவது ஒரு நல்ல டைம்டேபிள் எழுதித் தர முடியுமா?

(பெயர் வேண்டாம், கும்பகோணம்)

முதியோர் நல மருத்துவரின் பதில்:

ஐயா, டைம்டேபிளை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த நடுக்கம். அது வயதால் வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. சர்க்கரை தாழ்ந்துபோன அறிகுறியாகத்தான் தெரிகிறது. உங்கள் நாள் ஒழுங்கு மாறியதுதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

உங்கள் காலை மாத்திரையில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிமிபிரைடு அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். அதனால்தான் அதைக் காலை உணவை ஒட்டிப் போடச் சொல்கிறோம். வேலைக்குப் போன காலத்தில் ஏழரைக்கு டிபன், அதற்குச் சற்று முன் மாத்திரை என்று போயிருக்கும். இப்போது மாத்திரை உங்கள் விழிப்போடு சேர்ந்து 4 மணிக்கு நகர்ந்துவிட்டது, டிபனோ 9 மணிக்குத் தள்ளிப்போய்விட்டது. நடுவில் ஐந்து மணி நேரம். அதில் இரண்டு மணி நேரம் நடை. வயிற்றில் ஒரு காபி. மாத்திரையும் அதே, ஆளும் அதே. மாறியது கடிகாரம் மட்டும்தான்.

நாளையிலிருந்து அந்த மாத்திரையை டிபனோடு சேர்த்துப் போடுங்கள். டிபனை 8 மணிக்குக் கொண்டுவாருங்கள். மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் நடக்கப் போக வேண்டாம். பிரஷர் மாத்திரை எந்த நேரத்தில் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே அவரைப் பார்த்து, நடுக்கம் வந்ததைச் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அதுவரை மறுபடி நடுக்கமோ, வியர்வையோ, காரணமில்லாத எரிச்சலோ, கண் மங்கலோ வந்தால் உட்கார்ந்துவிடுங்கள். குளுக்கோமீட்டர் கையில் இருந்தால் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். மீட்டர் இல்லையென்றால் தாழ்ந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு சர்க்கரையைச் சாப்பிடுங்கள். பிஸ்கட்டும் சாக்லேட்டும் ஏறுவதற்கு நேரமாகும், அந்த நேரத்துக்கு உதவாது. நடக்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். அப்படி வந்த அன்று உடனே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

தூக்கம் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது

9.30 முதல் 3 மணி வரை ஐந்தரை மணி நேரம். மதியம் மூன்று மணி நேரம். மொத்தம் எட்டரை. உங்கள் வயதுக்கு ஏழு, எட்டு மணி நேரம் போதுமானது. நீங்கள் தூக்கம் போதாமல் தவிப்பவர் இல்லை. தேவையான தூக்கத்தை வாங்கிவிட்டு, அதில் மூன்று மணி நேரத்தைப் பகலில் செலவழிக்கிறவர். இரவில் விட்டதைப் பகலில் ஈடுகட்டுவதாக நினைக்கிறீர்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. பகலில் தூங்குவதால்தான் இரவில் விடுகிறது.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உடம்பில் தூக்கத்துக்கான தேவை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. 4.30 வரை தூங்கி எழுந்தவருக்கு 9.30க்குள் அது ஐந்து மணி நேர அளவுதான் சேர்ந்திருக்கும். மாலை ஐந்து மணிக்கு ஒரு தட்டு பஜ்ஜி சாப்பிட்டவர் இரவுச் சாப்பாட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? கொஞ்சம் கொறித்துவிட்டு எழுந்துவிடுவார். உங்கள் தூக்கமும் அப்படித்தான் பாதியில் எழுந்துவிடுகிறது. இதற்குத் துணையாக இன்னொன்றும் உண்டு. வயது ஏற ஏற உடம்பின் உள்கடிகாரம் முன்னால் நகரும். சீக்கிரம் தூக்கம் வரும், சீக்கிரம் விழிப்பும் வரும். 9.30க்கே படுப்பதால் அதற்கு நீங்களும் கை கொடுக்கிறீர்கள். முப்பது வருடம் நடுராத்திரி போன் வந்தால் எழுந்து ஓடிய பழக்கமும் இதில் சேர்ந்திருக்கலாம்.

அதனால் தூக்க மாத்திரை வேண்டாம். உங்களுக்கு அது தூக்கத்தைக் கூட்டாது, மூன்று மணிக்கு எழுந்து பாத்ரூம் போகும்போது கால் தடுமாறும் வாய்ப்பைத்தான் கூட்டும். பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு அந்தத் தடுமாற்றம் இடுப்பெலும்பு முறிவில் போய் முடியலாம்.

எழும் நேரத்தை முதலில் பிடியுங்கள். படுக்கும் நேரம் அதன் பின்னால் வரும். காலை 5.30 என்று வைத்துக்கொள்வோம். இரவு எப்படிப் போனாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும் 5.30. படுக்கைக்குப் போவது 10.45க்கு முன்னால் வேண்டாம். முதல் வாரம் எட்டு மணிக்கே கண் சொக்கும். டிவி முன்னால் சாய்ந்த வாக்கில் போகும் அந்தக் குட்டித் தூக்கம் இரவுத் தூக்கத்தின் பெரிய எதிரி. அப்போது எழுந்து நின்று ஏதாவது செய்யுங்கள். இரவுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவினால் வீட்டில் வேறு சில பிரச்சினைகளும் தீரும்.

மதியத் தூக்கத்தை ஒரேயடியாக வெட்ட வேண்டாம். முதல் வாரம் அலாரம் வைத்து ஒரு மணி நேரம், இரண்டாவது வாரம் முக்கால் மணி, அதன்பிறகு அரை மணிக்குள். மூன்று மணிக்கு மேல் கண்ணை மூடாதீர்கள். கட்டிலில் படுப்பதைவிட ஈஸிசேர் நல்லது. அதில் ஆழ்ந்து போவது கடினம். ஓய்வுக் காலத்தில் மதியம் கண்ணயர்வது தவறு என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் வெயிலில் அரை மணி நேரம் கண்ணை மூடுவது நல்ல பழக்கம்தான். மூன்று மணி நேரம்தான் தொல்லை.

மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மீண்டும் தூக்கம் வருவதாகத் தெரியாவிட்டால் எழுந்து, மங்கலான விளக்கில் சும்மா உட்காருங்கள். போனும் காபியும் வேண்டாம். தூக்கம் வரும்போது போய்ப் படுங்கள். 4 மணிக் காபியும் நடையும் இத்தனை நாளாக உங்கள் உடம்புக்கு விடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தன. மாலைக் காபியை விடச் சொல்லிக் கும்பகோணத்துக்காரரிடம் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. மூன்றரைக்குள் குடித்துவிடுங்கள். குடித்த காபியின் வீரியத்தில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழிந்த பிறகும் உடம்பில் இருக்கும்.

இதெல்லாம் பலிக்க மூன்று, நான்கு வாரம் ஆகும். நடுவில் பத்து நாள் பகலெல்லாம் மந்தமாக இருக்கும். பலரும் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தும் பகலில் தூக்கம் தள்ளுகிறது என்றால் உங்கள் மனைவியிடம் ஒன்று கேளுங்கள்: குறட்டை விடும்போது நடுவே மூச்சு நின்று, பிறகு திடுக்கென்று இழுக்கிறீர்களா? ஆம் என்றால் அது வேறு நோய், அதற்குத் தூக்கப் பரிசோதனை உண்டு. சிறுநீருக்காகவே இரவில் மூன்று, நான்கு முறை எழுகிறீர்கள் என்றாலும் சொல்லுங்கள். கூடுதல் சர்க்கரையோ, புராஸ்டேட்டோ, பிரஷர் மாத்திரையில் இருக்கும் சிறுநீர் மருந்தோ காரணமாக இருக்கலாம்.

நடை போதும், கூட்ட வேண்டாம்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைச் சொல்கிறது. நீங்கள் வாரத்துக்கு 840 நிமிடம் நடக்கிறீர்கள். அதே வழிகாட்டுதல் வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. அது உங்களிடம் அறவே இல்லை. 65 வயது தாண்டினால் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் வாரம் மூன்று நாள் சேர வேண்டும். அதற்கு நான்கு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

தினமும் நடக்கிறேனே, இது போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் தரையிலிருந்து எழுவதற்கும், கேஸ் சிலிண்டரை நகர்த்துவதற்கும், வழுக்கும்போது சமாளிப்பதற்கும் வேண்டிய தொடை வலுவை நடை மட்டும் காப்பாற்றாது. உங்கள் வேலை ஏறுவதும் இழுப்பதும் தூக்குவதுமாக இருந்த வேலை. அது நின்று ஒரு வருடமாகிவிட்டது. தசை கரைவது கண்ணுக்குத் தெரியாது. எடை மாறாமலே தசை போய்க் கொழுப்பு வந்திருக்கும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று மனைவியை எண்ணச் சொல்லுங்கள். 60 முதல் 64 வயது ஆணுக்கு 14க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே. அந்த எண்ணை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

நடையை ஒரு மணி நேரமாகக் குறைத்து, மாலைக்கு மாற்றுங்கள். மாத்திரைக்கும் உணவுக்கும் இடையே வெறும் வயிறு இருக்காது என்பது ஒரு காரணம். இன்னொன்று வெளிச்சம். அதிகாலையில் விழித்துக்கொள்கிறவர்களுக்கு மாலை வெளிச்சம் உள்கடிகாரத்தைப் பின்னால் தள்ள உதவும். 5 மணிக்குக் கிளம்பினால் சூரியன் இருக்கும்போதே ஒரு மணி நேரம் நடந்துவிடலாம். சித்திரை வெயிலில் இன்னும் அரை மணி தள்ளிப் போகலாம். அந்த நேரத்திலும் சர்க்கரை தாழ இடமுண்டு. அதனால் கிளம்பும் முன் ஒரு கைப்பிடி சுண்டல் சாப்பிடுங்கள். 4.30 மணி இருட்டில் நாய்க்கும் பள்ளத்துக்கும் நடுவே நடப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது. டிபனுக்கும் இரவு உணவுக்கும் பிறகு பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை நன்றாகக் கட்டுப்படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போக முடியாத நாட்களுக்கும் இதுவே வழி.

தசைப் பயிற்சியை ஒன்றுவிட்டு ஒரு நாள், டிபன் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, இருபது நிமிடம் செய்யுங்கள். நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து அதைவிட மெல்ல உட்காருவது எட்டு முதல் பத்து முறை. சுவரில் கையூன்றித் தள்ளுவது பத்து முறை. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது பத்து முறை. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை முழங்கை மடக்கித் தூக்குவது கைக்குப் பத்து முறை. சற்று ஓய்வெடுத்து இந்த நான்கையும் இன்னொரு சுற்று. எழும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்கினால் பிரஷர் ஏறும். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் மூன்றாவது சுற்றைச் சேருங்கள். முடிவில் மேடையருகே ஒற்றைக் காலில் பத்து விநாடி நில்லுங்கள், கை மேடையைத் தொடும் தூரத்தில் இருக்கட்டும்.

தொடையில் இரண்டு நாள் இருக்கும் சுளுக்கு மாதிரியான வலி சரிதான். முட்டிக்குள்ளேயே வலித்து மறுநாள் வீங்கினால் உட்காரும் ஆழத்தைக் குறையுங்கள். நடக்கும்போது மார்பு இறுக்கமோ, தாடை வலியோ, வழக்கமில்லாத மூச்சுத்திணறலோ வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பத்து வருடச் சர்க்கரை என்பதால் தினமும் குளித்த பிறகு உள்ளங்காலைப் பாருங்கள். செருப்பு கடித்தது தெரியாமலே புண்ணாகிவிடும்.

போன் அடிக்காத வீடு

உங்கள் மகன் போட்ட டைம்டேபிள் ஏன் நிற்கவில்லை? அதில் அரை மணிக்கு ஒரு வேலை இருந்தது. ஆனால் எந்த வேலையிலும் உங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. நீங்கள் கீபோர்டு வாசிக்காவிட்டால் யாருக்கும் எதுவும் கெட்டுப்போகாது. முப்பது வருடம், நீங்கள் வராவிட்டால் ஒரு தெருவே இருட்டில் உட்கார்ந்திருந்தது. வேலையின் களைப்பு போனதற்காக நீங்கள் வருந்தவில்லை. யாராவது கூப்பிடுவதைத்தான் இழந்திருக்கிறீர்கள். பொழுதுபோக்கு எதுவும் அந்த இடத்தை நிரப்பாது என்பது என் அனுபவம்.

அதனால் புதிய வேலையைத் தேடும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். குறிப்பிட்ட நாளும் நேரமும் இருக்கிறதா? நான் போகாவிட்டால் ஒருவராவது போன் செய்து கேட்பாரா? செய்து முடித்தது கண்ணுக்குத் தெரியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது நிற்கும்.

உங்கள் கைத்தொழிலிலேயே ஒன்று இருக்கிறது. பழைய வீடுகளில் தனியாக இருக்கும் வயதானவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப்பர் அவர்கள் வீட்டில் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா, ஹீட்டர் பிளக் கருகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. செவ்வாய் காலை 10 முதல் 12 வரை இரண்டு வீடுகள், ஒரு நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம், மழைக்காலத்துக்கு முன் மறுபடி ஒரு சுற்று. கோளாறு இருந்தால் சரிசெய்ய உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை அழைக்கச் சொல்லுங்கள். மீட்டரையும் சர்வீஸ் ஒயரையும் நீங்கள் தொட வேண்டாம், அது இப்போது உங்கள் வேலை இல்லை. ஏணியில் ஏறவே வேண்டாம். சர்க்கரையும் பிரஷரும் தாழக்கூடிய மாத்திரைகள் உள்ளே இருக்கும்போது பழைய நினைப்பில் ஏறி விழுந்தவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த யோசனை பிடிக்கவில்லையா, பக்கத்து ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்களோடு வாரம் ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். லைனில் எப்படி உயிர் போகிறது என்று பாடப்புத்தகத்தைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதேசமயம் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னிடம் வருவார். கோவில் கமிட்டி, குடியிருப்போர் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று ஐந்தில் சேர்ந்துவிட்டு, மூன்றாவது மாதம் எல்லாவற்றையும் விட்டார். பிரஷரோடு வந்தார். இப்போது நூலகத்தில் வியாழக்கிழமை மட்டும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார்.

இப்படி நாள் குறிப்பதில் இன்னொரு பலன் உண்டு. ஓய்வுபெற்றவருக்கு எல்லா நாளும் ஞாயிறாகிவிடுகிறது, அதனால் ஞாயிறும் ஞாயிறாக இருப்பதில்லை. செவ்வாய் வீடு பார்க்கும் நாள், வெள்ளி ஓய்வூதியர் சங்கம் அல்லது பழைய செக்‌ஷன் ஆட்களோடு டீக்கடை, ஞாயிறு மாலை பேரனோடு வீடியோ கால் என்றிருந்தால் கிழமைகளுக்கு மறுபடி உருவம் வரும். அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேலையில் இருக்கிறவர்கள், நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள் என்று நினைத்துக் கூப்பிடாமல் இருப்பார்கள்.

டிவி சத்தத்தை மனைவி குறை சொல்வதை நான் மருத்துவக் குறிப்பாகவே எடுத்துக்கொண்டேன். காது மந்தமானவர் முதலில் குறைத்துக்கொள்வது கூட்டத்தைத்தான். கல்யாண வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை, டீக்கடையில் நாலு பேர் பேசினால் சலிப்பாக இருக்கிறது என்பார். சலிப்பில்லை, காதில் விழவில்லை. காது பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். மெழுகு அடைப்பாக இருந்தால் பத்து நிமிட வேலை.

வீட்டில் அவர்களுக்கும் ஒரு நாள் இருக்கிறது

உங்கள் மனைவி சொன்னதில் கோபப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் காலை எட்டு மணிக்குக் கிளம்பியபின் வீடு அவர்களுடையதாக இருந்தது. அந்த நேரத்தில் அவர்களுக்கென்று ஒரு ஒழுங்கும், பக்கத்து வீட்டுப் பேச்சும், சற்று உட்காரும் நேரமும் இருந்திருக்கும். இப்போது 10 மணிக்குக் காபி கேட்கும் குரல் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. உங்களுக்கு ஓய்வு வந்த அன்று அவர்களுக்கு வேலை கூடியது.

கொஞ்சம் கூடமாட ஒத்தாசை செய்கிறேன் என்று போகாதீர்கள். ஒத்தாசை செய்கிறவரை மேய்ப்பது இன்னொரு வேலை. ஒரு பொறுப்பை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். காய்கறி வாங்குவது என்றால் என்ன தீர்ந்தது என்று பார்ப்பது முதல் கழுவி வைப்பது வரை உங்களுடையது. அதில் அவர்களைக் கேள்வி கேட்கக் கூடாது, அவர்களும் திருத்தக் கூடாது. அப்புறம், தினமும் 10 முதல் 12 வரை நீங்கள் வீட்டில் இருக்க வேண்டாம். செவ்வாய் தவிர மற்ற நாட்களில் நூலகம், சந்தை, வங்கி, எதுவானாலும் சரி. வேலை இல்லாத ஆள் ஏன் வெளியே சுற்ற வேண்டும் என்று தோன்றினால், அந்த இரண்டு மணி நேரம் அவர்களுக்கான ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, நீங்கள் கேட்ட டைம்டேபிளில் நான் நிலையாக வைக்கச் சொல்வது நான்கு நேரங்கள்தான்: 5.30க்கு எழுவது, 8 மணிக்கு மாத்திரையும் டிபனும், 5 மணிக்கு நடை, 10.45க்குப் படுக்கை. தசைப் பயிற்சி நாட்களில் 9 மணிக்கு இருபது நிமிடம், 10 முதல் 12 வெளியே, மதியம் அரை மணி கண்ணயர்வு. மீதி நேரத்தைக் காலியாக விடுங்கள். பேப்பர் படித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பது வீண் இல்லை. அந்த நேரத்தையும் நிரப்பப் போனால் மகனின் தாள் போலவே இதுவும் இரண்டு வாரத்தில் கிழிந்துவிடும். ஒரேயடியாக எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம். முதல் வாரம் மாத்திரையும் எழும் நேரமும் மட்டும். இரண்டாவது வாரத்தில் மாலை நடை. தசைப் பயிற்சியும் செவ்வாய் வேலையும் மூன்றாவது வாரத்துக்குப் பிறகு.

மனம் ஒட்டவில்லை என்று எழுதியதைக் கடந்துபோக மாட்டேன். பேரன் வந்தால் நன்றாக இருக்கிறீர்கள் என்பதால் இது மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த நோயில் பலருக்குப் பேரன் வந்தாலும் முகம் மலராது. ஆனால் ஒரு மாதம் கழித்து நாள் சீரான பிறகும் இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைகிறது, எல்லோருக்கும் பாரமாக இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிய நினைப்பு வந்தால் ஒரு மாதமெல்லாம் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும், தமிழிலேயே, கட்டணமில்லாமல் பேசலாம்.

இந்த வாரம் மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். நடுக்கம் வந்த நாட்களையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரையோடு சிறுநீரகப் பரிசோதனையும் தைராய்டும் பி12 அளவும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் கிளிமிபிரைடு உடம்பில் தங்கிச் சர்க்கரையை இன்னும் இறக்கும். மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறைவது உண்டு, அதனாலும் சோர்வும் கால் மரத்துப்போவதும் வரும். படுத்தபடி ஒரு முறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், அவர் உங்கள் பிரஷர் மாத்திரையையும் திருத்த வேண்டியிருக்கும்.